வியாழன் மாலை லாபம், வெள்ளி காலை நட்டம்

2007 ஆகஸ்ட் 16, வியாழக்கிழமை. அமெரிக்காவில் வீட்டுக்கடன் சிக்கல் முற்றிக்கொண்டிருந்த நாட்கள். எஸ் அண்ட் பி 500 குறியீடு அன்று பகலில் 1,370 வரை சரிந்து, பிறகு நிமிர்ந்து 1,411-இல் முடிந்தது. அந்த மாதத்து ஆப்ஷன்களுக்கு அதுதான் கடைசி வர்த்தக நாள். 1,411-க்குச் சற்று மேலே இருந்த கால் ஆப்ஷன்களை விற்றிருந்தவர்கள், பிரீமியம் தங்களுக்கே என்ற நிம்மதியில் வீடு திரும்பியிருப்பார்கள்.

மறுநாள் சந்தை திறப்பதற்கு முன்பே, ஃபெடரல் ரிசர்வ் தான் வங்கிகளுக்குத் தரும் அவசரக் கடனின் வட்டியை அரை சதவிகிதம் குறைத்தது. பங்குகள் எகிறித் திறந்தன. வெள்ளிக்கிழமை முடிவில் குறியீடு 1,445-ஐத் தாண்டி நின்றது. ஆனால் விற்றவர்களின் கணக்கு அதற்கு வெகு முன்பே, காலைத் திறப்பு விலையிலேயே முடிந்துவிட்டது. இடையில் அவர்கள் எதையும் வாங்கவோ விற்கவோ வழி இருக்கவில்லை.

சிகாகோவின் சிபோ சந்தையில் நடக்கும் எஸ் அண்ட் பி ஆப்ஷன்கள் பணமாகவே தீர்க்கப்படுபவை. பங்கு எதுவும் கைமாறாது. முடிவு நாளில் ஓர் எண் அறிவிக்கப்படும். அதற்கும் ஸ்ட்ரைக் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை 100 டாலரால் பெருக்கிக் கணக்கில் வரவோ பற்றோ வைப்பார்கள். எல்லாமே அந்த ஓர் எண்ணைப் பொறுத்தது என்பதால், அது எந்த நேரத்து விலையிலிருந்து வருகிறது என்பது பெரிய கேள்வி.

மாதத்தின் மூன்றாவது வெள்ளியில் முடியும் பழைய மாதாந்திரத் தொடருக்கு அது காலைக் கணக்கு. வர்த்தகம் வியாழனோடு நின்றுவிடும். வெள்ளி காலை, குறியீட்டில் உள்ள ஒவ்வொரு பங்கும் முதன்முதலில் எந்த விலையில் திறக்கிறதோ அந்த விலைகளை மட்டும் திரட்டி ஒரு மதிப்பைக் கணக்கிடுகிறார்கள். திரையில் அதன் குறி SET. இது 9:30 மணிக்குத் திரையில் ஓடும் குறியீட்டு எண் அல்ல. இந்த இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

இரண்டே பங்குகள் கொண்ட ஒரு குறியீட்டை வைத்துப் பார்க்கலாம். இரண்டும் முந்தைய நாள் 100-இல் முடிந்தவை. குறியீடு அவற்றின் சராசரி. காலை 9:30-க்கு முதல் பங்கு 97-இல் திறக்கிறது. இரண்டாவது இன்னும் திறக்கவில்லை என்பதால் அதற்குப் பழைய 100-ஐயே எடுத்துக்கொண்டு, திரை 98.5 என்று காட்டும். 9:32-க்கு இரண்டாவது பங்கும் 97-இல் திறக்கிறது. அதற்குள் முதல் பங்கு 99-க்கு மீண்டுவிட்டது. திரையில் இப்போது 98. ஆனால் திறப்பு விலைகளின் சராசரி 97. குறியீடு ஒரு கணம்கூட 97-ஐத் தொடவில்லை. கணக்கு தீர்வது என்னவோ 97-இல்தான். 500 பங்குகள் வெவ்வேறு நொடிகளில் திறக்கும்போதும் இதுவே நடக்கிறது. அதனால் SET மதிப்பு, அன்றைய குறியீட்டின் உச்சத்துக்கு மேலேயோ தாழ்வுக்குக் கீழேயோ போய் உட்காருவது உண்டு.

இது ஒரு ஸ்ப்ரெடை என்ன செய்யும் என்பதைக் கற்பனை எண்களில் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 5,000 புட்டை விற்று, பாதுகாப்புக்காக 4,950 புட்டை வாங்குகிறார். நிகரமாகக் கையில் வந்தது 8 புள்ளி, அதாவது 800 டாலர். குறியீடு 5,000-க்கு மேல் முடிந்தால் முழுவதும் லாபம். 4,950-க்குக் கீழே போனால் 50 புள்ளி கொடுக்க வேண்டும். வாங்கிய 8 போக, அதிகபட்ச நட்டம் 4,200 டாலர்.

வியாழன் மாலை குறியீடு 5,040. இரவில் ஒரு கெட்ட செய்தி வருகிறது. வெள்ளி காலை பங்குகள் விழுந்து திறந்து, உடனே மீளத் தொடங்குகின்றன. திரையில் தெரிந்த மிகக் குறைந்த எண் 4,981; மாலை முடிவு 5,030. SET மட்டும் 4,972 என்று வருகிறது. விற்ற புட் 28 புள்ளி பணத்தில் முடிகிறது. வாங்கிய 4,950 புட்டுக்கு மதிப்பே இல்லை. 2,800 டாலர் கொடுத்து, வாங்கிய 800-ஐக் கழித்தால் 2,000 டாலர் நட்டம். மாலை விலையில் தீர்ந்திருந்தால் அதே ஸ்ப்ரெட் 800 டாலர் லாபம் தந்திருக்கும்.

இவ்வளவு வம்பு இருந்தும் காலைக் கணக்கைக் கொண்டுவந்ததற்குக் காரணம் உண்டு. 1980-களில் ஃப்யூச்சர்ஸ், இண்டெக்ஸ் ஆப்ஷன், பங்கு ஆப்ஷன் மூன்றும் ஒரே வெள்ளியின் கடைசி மணி நேரத்தில் முடிந்தன. ஃப்யூச்சர்ஸுக்கும் பங்குக்கும் இடையிலான விலை வித்தியாசத்தில் காசு பார்த்த பெரிய நிறுவனங்கள், கையிலிருந்த பங்குகளை முடிவு விலையில் ஒரே மூச்சில் கொட்டின. எதிர்ப்பக்கம் ஆள் தேட நேரமில்லாமல் விலைகள் தாறுமாறாக ஆடின. 1987 ஜூனில் எஸ் அண்ட் பி 500 ஃப்யூச்சர்ஸின் இறுதிக் கணக்கு காலைத் திறப்புக்கு மாறியது. காலையில் என்றால், எந்தப் பங்கில் விற்பனை ஆணைகள் குவிந்திருக்கின்றன என்று அறிவித்து, வாங்குபவர்கள் வரும்வரை அதன் திறப்பைத் தாமதப்படுத்தலாம்.

பின்னாளில் வாராந்திரத் தொடர்களில் மாலைக் கணக்கும் திரும்பி வந்தது. இவற்றின் குறி SPXW. முடிவு நாளன்று நியூயார்க் நேரம் மாலை 4 மணிவரை வர்த்தகம் செய்யலாம். அன்றைய இறுதிக் குறியீட்டில் கணக்குத் தீரும். இரவு ஆபத்து இதில் இல்லை. ஆனாலும் ஒரு சிறு இடைவெளி இருக்கிறது: பல பங்குகளின் முடிவு விலை, 4 மணியை ஒட்டி நடக்கும் இறுதி ஏலத்தில்தான் உறுதியாகிறது. ஆப்ஷன் வர்த்தகம் நின்ற பிறகு குறியீடு இன்னும் சில புள்ளிகள் நகரலாம். விற்ற ஸ்ட்ரைக்குக்கு மிக அருகில் நிற்பவருக்கு அந்தச் சில புள்ளிகளே போதும்.

மூன்றாவது வெள்ளியில் SPX, SPXW இரண்டுமே முடிவதால் இன்னொரு பொறியும் உண்டு. ஒரே தேதி, ஒரே ஸ்ட்ரைக் என்று பார்த்து, ஒரு காலை SPX-இலும் மறு காலை SPXW-இலும் எடுத்தவருக்கு அது உண்மையான ஸ்ப்ரெட் அல்ல. பாதுகாப்புக்கு வாங்கியது காலைத் தொடராக இருந்தால், அது காலையிலேயே தீர்ந்துவிடும். விற்றது மட்டும் மாலைவரை துணையின்றி நிற்கும். ஆணை போடும் முன் குறியையும் கடைசி வர்த்தக நாளையும் பார்த்தால் இது தெரிந்துவிடும். கடைசி வர்த்தக நாள் முடிவு தேதிக்கு ஒரு நாள் முன்னதாக இருந்தால், அது காலைக் கணக்கு.

நிஃப்டியில் ஆப்ஷன் செய்து பழகியவர்களுக்கு இரண்டு முறையுமே புதிதாக இருக்கும். தேசியப் பங்குச் சந்தையில், ஒவ்வொரு பங்கும் கடைசி அரை மணி நேரத்தில் வர்த்தகமான விலைகளின் எடையிட்ட சராசரியிலிருந்து முடிவுக் குறியீடு வருகிறது. 3:30-க்குத் திரையில் கடைசியாக ஓடிய எண்ணும் தீர்வு விலையும் அதனால்தான் பொருந்துவதில்லை. ஆனால் இங்கே சராசரி உருவாகும்போதே சந்தையும் திறந்திருக்கிறது. வெளியேற வழி இருக்கிறது.

சிகாகோவின் மாதாந்திரத் தொடரில் அந்த வழி வியாழனோடு மூடிவிடும். மேலே பார்த்த ஸ்ப்ரெடை வியாழன் மாலை 60 சென்ட்டுக்குத் திருப்பி வாங்க முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். செலவு 60 டாலர், மிச்ச லாபம் 740. வாங்காமல் விடுபவர், அந்த 60 டாலருக்காக மேலும் 4,940 டாலர்வரை இழக்கக்கூடிய ஓர் இரவைக் கடக்கிறார்; 800 லாபத்தில் தொடங்கியவர் 4,200 நட்டம்வரை போகலாம்.