பழைய கணக்கைக் காலி செய்யாதீர்கள்

வேலை மாறினால் சம்பளக் கணக்கும் மாறுகிறது. வண்டிக் கடனின் தவணை மட்டும் பழைய வங்கியிலிருந்தே போய்க்கொண்டிருக்கும். அதை நிறுத்த வேண்டுமென்று பலரும் முதலில் செய்வது, பழைய வங்கிக்குப் போய் ஆட்டோ டெபிட்டை ரத்து செய்வது. தவறு அங்கேதான் தொடங்குகிறது.

கடன் வாங்கும்போது நாம் கையெழுத்திட்டோ, ஓ.டி.பி. கொடுத்தோ தரும் ஒப்புதலுக்கு மேண்டேட் என்று பெயர். இந்தியாவில் இது பெரும்பாலும் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் நடத்தும் ‘நாச்’ முறையில் ஓடுகிறது. ஒவ்வொரு மேண்டேட்டுக்கும் UMRN என்ற தனி எண் உண்டு. மாதாமாதம் அந்த எண்ணைக் காட்டிப் பணம் கேட்பது கடன் கொடுத்த நிறுவனம். கொடுப்பது நம் வங்கி. நம் வங்கியில் மேண்டேட்டை ரத்து செய்தால் கொடுப்பது நின்றுவிடும், ஆனால் கேட்பது நிற்காது. தவணை நாளில் கோரிக்கை வரும், திரும்பிப் போகும். கடன் நிறுவனத்தின் ஏட்டில் அது பவுன்ஸ்தான்.

பவுன்ஸ் கட்டணம் இரண்டு பக்கமும் விழக்கூடும். வங்கி ஐந்நூறு, கடன் நிறுவனம் ஐந்நூறு என்று வைத்தால் 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு 1,180 ரூபாய். தாமத அபராதம் தனி. சில நிறுவனங்கள் சில நாள் கழித்து மறுபடியும் கோரிக்கை அனுப்பும். அதுவும் திரும்பினால் வங்கிக் கட்டணம் இன்னொரு முறை.

ஆகவே வேலையைக் கடன் நிறுவனத்திலிருந்து தொடங்க வேண்டும். ‘ரீபேமெண்ட் ஸ்வாப்’ என்று கேட்டால் அங்கே புரியும். ஓர் உதாரணம்: தவணை 8,450 ரூபாய், தேதி 5. கடனாளி முந்தைய மாதம் 10ஆம் தேதி வாக்கிலேயே விண்ணப்பித்து, புதிய கணக்குக்கு இ-மேண்டேட் போடுகிறார். நெட் பேங்கிங், டெபிட் கார்டு, ஆதார் என்று ஏதாவதொரு வழியில் உறுதிசெய்தால் போதும். காகிதப் படிவமென்றால் இன்னும் முன்னதாகவே கொடுக்க வேண்டும். கையெழுத்து வங்கியில் உள்ளதோடு ஒத்துப்போகாமல் நிராகரிக்கப்படுவது அடிக்கடி நடக்கிறது. படிவத்தில் இரண்டு இடங்களை நிதானமாகப் பார்க்க வேண்டும். தொடக்கத் தேதி அடுத்த தவணைக்கு முன்னதாக இருக்கிறதா? உச்சத் தொகை தவணையைவிடக் குறையாமல் இருக்கிறதா? வட்டி மாறும் வீட்டுக் கடனில் தவணை நாளைக்கு ஏறலாம். உச்சத் தொகை அதற்கும் இடம் கொடுக்க வேண்டும்.

பதிவாகிவிட்டது என்று குறுஞ்செய்தி வந்ததும் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். புது மேண்டேட் பதிவாவது ஒன்று, அடுத்த தவணை எந்தக் கணக்கிலிருந்து கேட்கப்படும் என்பது வேறொன்று. தவணைப் பட்டியலைக் கடன் நிறுவனம் சில நாள் முன்பே தயாரித்துவிடும். அதற்குள் மாற்றம் ஏறாவிட்டால், இந்த மாதக் கோரிக்கையும் பழைய வங்கிக்கே போகும். “5ஆம் தேதித் தவணையை எந்தக் கணக்கிலிருந்து எடுப்பீர்கள்?” என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கி வைத்துக்கொள்வதே சரி. பதில் வராவிட்டால் அந்த ஒரு மாதம் இரண்டு கணக்கிலும் பணம் இருக்கட்டும். பயந்துபோய் நேரடியாகக் கட்டிவிட்டால், பட்டியல் ஏற்கெனவே போயிருக்கும் பட்சத்தில் பணம் இரண்டு முறை போய்விடும். திரும்பப் பெற அலைய வேண்டும்.

பழைய கணக்கில் சரியாக 8,450 வைத்தாலும் போதாது. சம்பளம் வருவது நின்றதும் அந்தக் கணக்கை வங்கி சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றிவிடலாம். குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று ஒரு கட்டணம், டெபிட் கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் என்று நூறு இருநூறு கழிந்துவிடும். நாச்சில் இருக்கிற வரைக்கும் எடுத்துக்கொள்வது என்பது கிடையாது. பத்து ரூபாய் குறைந்தாலும் முழுத் தவணையும் திரும்பும். ஆயிரம் இரண்டாயிரம் கூடுதலாகவே இருக்க வேண்டும், அதுவும் 4ஆம் தேதி இரவுக்குள். 2021 ஆகஸ்ட் முதல் நாச் ஞாயிற்றுக்கிழமையிலும் விடுமுறை நாளிலும் இயங்குகிறது. “5ஆம் தேதி ஞாயிறு, திங்கட்கிழமை போட்டுக்கொள்ளலாம்” என்ற கணக்கு இப்போது செல்லாது.

புதிய கணக்கின் ஸ்டேட்மென்ட்டில் ‘ACH’ அல்லது ‘NACH’ என்ற குறிப்போடு தவணை கழிந்து, கடன் கணக்கிலும் அது வரவானதைப் பார்த்த பிறகே பழைய மேண்டேட்டில் கைவைக்க வேண்டும். பழைய UMRN எண்ணைக் குறிப்பிட்டு ரத்து செய்யும்படி கடன் நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள். பழைய வங்கியின் நெட் பேங்கிங்கில் மேண்டேட் பகுதியைத் திறந்து, அந்த எண் நீங்கிவிட்டதா என்று பாருங்கள். நீங்காமல் இருந்தால் அந்த வங்கியிலேயே இப்போது ரத்து செய்யலாம். கணக்கை மூடுவது அதற்கும் பிறகுதான்.

எல்லாம் சரியாகச் செய்தும் அவர்கள் பழைய கணக்கிலேயே கேட்டுப் பவுன்ஸ் ஆனால், தவணையை உடனே கட்டிவிட்டு, அந்த மின்னஞ்சல் பதிலைக் காட்டிக் கட்டணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தாமதமாகக் கட்டியதாகக் கடன் வரலாற்றில் ஏறியிருந்தால் அதையும் திருத்தச் சொல்லுங்கள். 30 நாளில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் cms.rbi.org.in தளத்தில் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் பதியலாம்.