23.5 புள்ளியைத் தாண்டுவாரா?

விளையாட்டுப் பந்தயத்தை மாநிலங்கள் அனுமதிக்கக் கூடாது என்றிருந்த சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018 மே மாதம் ரத்து செய்தது. அதன்பின் அங்கே எந்த அணி வெல்லும் என்பதோடு, ஒரு வீரர் எத்தனை புள்ளி எடுப்பார் என்பதன் மீதும் பெரும்பணம் கட்டுகிறார்கள். என்.பி.ஏ. கூடைப்பந்தில் ஒருவருக்கு 23.5 என்று பந்தய நிறுவனம் கோடு போடும். அதுதான் பிராப் லைன். 24 எடுத்தால் 'ஓவர்' என்றவருக்குப் பணம், 23 என்றால் 'அண்டர்' என்றவருக்கு.

அந்தக் கோடு நியாயமானதா என்று பார்க்க மூன்று எண்கள் வேண்டும். ஆட்டம் 48 நிமிடம். அதில் ஓர் அணிக்குச் சுமார் 100 தாக்குதல் வாய்ப்புகள் கிடைக்கின்றன, இது பேஸ். நம் கற்பனை வீரர் 34 நிமிடம் ஆடுவார் என்றால், அவர் களத்தில் நிற்கும்போது ஏறத்தாழ 71 வாய்ப்புகள். அவற்றில் எத்தனை சதவீதம் அவருடைய ஷாட்டிலோ, ஃப்ரீ த்ரோவிலோ, அவர் பந்தைப் பறிகொடுப்பதிலோ முடிகிறது என்பது யூசேஜ். அது 28 சதவீதம் என்றால் 20 வாய்ப்புகள். வாய்ப்புக்கு 1.1 புள்ளி எடுப்பவர் என்றால் 22 புள்ளி வருகிறது.

பேஸ் இரண்டு அணிகளும் சேர்ந்து உண்டாக்குவது. எதிரணி நிதானமாக ஆடி வாய்ப்புகள் 96 ஆகக் குறைந்தால் 22 என்பது 21 ஆகும். இழப்பு ஒரு புள்ளிதான். சக நட்சத்திரம் காயத்தால் ஆடாமல் யூசேஜ் 31 ஆக உயர்ந்தால் 24 வரும். ஆனால் தடுப்பாளர்கள் எல்லோரும் இவரையே சூழ்வதால், வாய்ப்புக்கு 1.1 என்ற கணக்கு பெரும்பாலும் சற்று இறங்கும்.

கணக்கைப் பெரிதும் குலைப்பது நிமிடங்கள்தான். ஆட்டம் ஒருதலையாகப் போனால் பயிற்சியாளர் கடைசிக் கால்பகுதியில் முன்னணி வீரர்களை உட்கார வைத்துவிடுவார். 34 நிமிடம் 29 ஆனால் 22 புள்ளி பதினெட்டரைக்கு இறங்கிவிடும். டொராண்டோ ராப்டர்ஸ் வீரர் ஜான்டே போர்ட்டர் மோசடிக்குப் பயன்படுத்தியதும் நிமிடங்களைத்தான். 2024 மார்ச்சில் உடல்நிலை சரியில்லை என்று சொல்லி மூன்றே நிமிடத்தில் ஓர் ஆட்டத்திலிருந்து விலகினார். அவர் குறைவாகவே எடுப்பார் என்று கட்டியவர்கள் அதை முன்பே அறிந்திருந்தார்கள். அடுத்த மாதமே என்.பி.ஏ. அவருக்கு வாழ்நாள் தடை விதித்தது.

நம் கணக்கு 22, கோடு 23.5. உடனே அண்டர் என்று கட்டிவிடலாமா? இத்தகைய வீரரின் புள்ளிகள் ஆட்டத்துக்கு ஆட்டம் ஆறேழு புள்ளி ஏறி இறங்குவது இயல்பு. அதற்கு முன் ஒன்றரைப் புள்ளி வித்தியாசம் சின்னது. வழக்கமான விலையில் 100 டாலர் வெல்ல 110 டாலர் கட்ட வேண்டும். ஆகவே, நூற்றில் 52.4 முறைக்கு மேல் சரியாகச் சொன்னால்தான் நஷ்டம் இல்லை. காயப் பட்டியலையும் நிமிடங்களையும் பந்தய நிறுவனமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. நிமிடங்களை மூன்று மாற்றிப் போட்டாலே விடை கோட்டின் மறுபக்கம் போய்விடுகிறது என்றால், அந்தப் பந்தயத்தைத் தொடாமல் விடுவதே சரி.