வீடியோவுக்கு ஏன் விக்கல்?

நியூ ஜெர்சியில் நடந்த வரவேற்பை உறவினர் ஒருவர் செல்போனில் எடுத்து அனுப்பியிருந்தார். மதுரையில் நாங்கள் எடுத்த முகூர்த்தத்தோடு அதைச் சேர்த்துப் போட்டுக் காட்டினேன். "என்ன தம்பி, அமெரிக்கா பாதி மட்டும் விக்கி விக்கி ஓடுது?" என்றார் பெண்ணின் அப்பா. அவர் சொன்னது சரிதான்.

இந்தியாவில் டிவிக்கான வீடியோ நொடிக்கு 25 ஃப்ரேம் ஓடுகிறது. அமெரிக்காவில் 30, துல்லியமாகச் சொன்னால் 29.97. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அங்கே 60. அந்தக் காலத்து டிவியை மின்சாரத்தின் துடிப்பை ஒட்டி அமைத்ததால் வந்த வேறுபாடு இது.

அந்த 30-ஐ 25-க்குள் அடைக்கச் சொன்னால் எடிட்டிங் மென்பொருள் ஆறில் ஒரு ஃப்ரேமைத் தூக்கி எறிந்துவிடும். மணப்பெண் ஃப்ரேமுக்கு ஒரு விரற்கடை நகர்கிறாள் என்று வையுங்கள். நான்கு தடவை ஒரு விரற்கடை நகர்பவள், ஐந்தாவது தடவை இரண்டு விரற்கடை தாவுவாள். நொடிக்கு ஐந்து தாவல்! உட்கார்ந்திருப்பவர்களிடம் தெரியாது. கேமராவை மெல்லத் திருப்பும் இடத்தில் பளிச்சென்று தெரியும்.

பக்கத்து ஃப்ரேம்களைக் கலந்துவிடுவது இன்னொரு வழி. தாவல் மறையும். ஆனால் ஐந்து ஃப்ரேமில் ஒன்றுதான் சுத்தமாக இருக்கும். மற்ற நான்கிலும் கைக்குப் பின்னால் நிழல்போல இன்னொரு கை. எனக்கு இது பிடிப்பதில்லை.

நான் நம்புவது 'Optical Flow' முறையை. முந்தைய ஃப்ரேமில் இங்கிருந்த மாலை அடுத்ததில் எங்கே போயிருக்கிறது என்று புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டு, நடுவில் இருந்திருக்க வேண்டிய ஃப்ரேமை அது புதிதாக வரைந்து தரும். நடை, கேமரா திருப்பம் எல்லாம் வழுக்கிக்கொண்டு போகும். மறைந்து வெளிப்படும் பொருளில்தான் தடுமாறும். மாலை மாற்றும்போது விரல்கள் பூவுக்குள் புகுந்து வெளிவரும் இடத்தில் விரல் மெழுகாய் உருகிக் கிடந்தது. ஓடவிட்டுப் பார்த்தால் சட்டென்று பிடிபடாது. ஒவ்வொரு ஃப்ரேமாகத் தட்டிப் பார்க்க வேண்டும்.

அந்த ஷாட்டை மட்டும் வேறு விதமாகச் செய்தேன். 30 ஃப்ரேமையும் எதையும் எறியாமல் நொடிக்கு 25 வீதம் ஓடவிட்டேன். ஐந்து நொடிக் காட்சி ஆறு நொடியானது. பேச்சு இருந்தால் குரல் இழுபடும். இங்கே பாட்டைப் போட்டுவிட்டதால் அந்தச் சிக்கல் இல்லை. மாலை மிதந்து வந்து விழுந்தது. புதிதாக வரைந்த ஃப்ரேம் ஒன்றுகூட இல்லை.

வெளிநாட்டுச் சொந்தக்காரர் படம் எடுத்து அனுப்பப்போகிறார் என்றால், போனில் நொடிக்கு 60 ஃப்ரேம் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். ஃப்ரேம்களுக்கு இடையே நகர்வு பாதியாகக் குறைவதால் 25-க்கு மாற்றும்போது தாவலும் சிறிது, தவறும் குறைவு.