திருவையாற்றுக்கு ரூம் போடும் முன்

தேனிப் பக்கத்திலிருந்து தியாகராஜர் ஆராதனைக்குப் போகிறவர்கள் முதலில் இடறுவது தேதியில்தான். ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமித் திதியில் வருகிறது. 2024இல் அது ஜனவரி 30, 2025இல் ஜனவரி 18, 2026இல் ஜனவரி 7. போன வருடத் தேதியைப் பார்த்து ரூம் போட்டால் பணம் போச்சு. 2025இல் விழா தொடங்கியதே பொங்கலன்று! பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காத நாள் அது. பஞ்சாங்கத்தைப் பார்த்த பிறகே லாட்ஜுக்கு போன் போடுங்கள்.

சின்னமனூர்க் குடும்பம் ஒன்று பஞ்சமிக்கு முந்தின நாள் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். கூடவே எழுபது வயது அம்மா. மதுரையில் பஸ் மாறித் தஞ்சாவூர் போய்ச் சேரவே பகல் முழுக்க ஓடிவிடும். திருவையாறு அங்கிருந்து 13 கிலோமீட்டர். தஞ்சையில் தங்குவதே வசதி. அன்று இரவுக் கச்சேரி எவ்வளவு இழுத்தாலும் போகாமல் தூங்குவது நல்லது. ஏனென்றால் மறுநாள் காலை ஒன்பது மணிவாக்கில் பஞ்சரத்தினம் தொடங்கிவிடும். காவிரிக் கரையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும், அதற்கும் முன்பே இடம் பிடிக்க வேண்டும்.

ஐந்து கிருதிகளும் முடிந்து, கூட்டத்தில் நீந்தி ரூமுக்குத் திரும்பும்போது பன்னிரண்டாகலாம். அதனால் முன்பணம் கட்டும்போதே, காலி செய்வது பகல் 12 மணிக்கா, நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரமா என்று கேளுங்கள். முந்தின நாள் மாலை 5 மணிக்கு நுழைந்தவருக்கு இரண்டாவது முறையில் மறுநாள் 5 மணி வரை ரூம் உண்டு. அம்மா படுத்து எழுந்து கிளம்பலாம். பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள்.

இன்னொரு சிக்கலும் வரலாம். ஓர் இரவு வாடகை 2,500 ரூபாயை முன்பணமாக அனுப்பியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். போய் இறங்கினால், "உங்க பேர்ல ரூம் இல்லையே" என்கிறார் மேனேஜர். பக்கத்து லாட்ஜில் 4,000 கேட்கிறார்கள். அங்கே தங்குங்கள், பில்லை வாங்குங்கள். பணம் அனுப்பிய ரசீதும் பழைய மெசேஜும் போனில் இருக்கட்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார். மசியவில்லையா, நுகர்வோர் ஆணையம். 2019ஆம் வருடச் சட்டப்படி வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், தஞ்சைக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். முன்பணம் 2,500, கூடுதலாகச் செலவான 1,500, அம்மாவை அலையவிட்டதற்கு நஷ்டஈடு, மூன்றையும் கேட்கலாம்.

நீங்களே தேதியைத் தப்பாகப் பார்த்து ரத்து செய்தால் கதை வேறு. ரத்துக்குப் பணம் திரும்பாது என்பதை முன்கூட்டியே சொல்லியிருந்தால், உங்கள் பக்கம் வலுவில்லை.