வெண்காரம் கரைய எவ்வளவு வெப்பம் வேண்டும்?

பொற்கொல்லர்கள் பற்றவைக்கப் பயன்படுத்தும் வெண்காரம் குளிர்ந்த நீரில் கொஞ்சமாகவும் சூடான நீரில் தாராளமாகவும் கரையும். கரையும்போது அது வெப்பத்தை உள்வாங்குகிறது. ஒரு மோல் உள்வாங்கும் அளவுதான் அதன் கரைதல் என்தால்பி. அந்த வெப்பத்தை நேரடியாக அளக்காமலே, பல வெப்பநிலைகளில் எவ்வளவு கரைகிறது என்பதை வைத்து அதைக் கணக்கிட்டுவிடலாம்.

வெண்காரத்தின் ஒரு மூலக்கூறு கரைந்தால் இரண்டு சோடியம் அயனிகளும் ஒரு போரேட் அயனியும் கிடைக்கும். போரேட்டின் செறிவு s என்றால் சோடியத்தின் செறிவு 2s. ஆகவே கரைதிறன் பெருக்கம் K = (2s)² × s = 4s³. அடியில் படிகம் மிச்சமிருக்கும் தெவிட்டிய கரைசலிலிருந்து 5 மில்லிலிட்டர் எடுத்து, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரம்பார்த்தால் s தெரிந்துவிடும். ஒரு போரேட்டுக்கு இரண்டு பங்கு அமிலம் செலவாகும்.

20 டிகிரி செல்சியஸில் s ஏறத்தாழ 0.13, 40 டிகிரியில் 0.31 மோல்/லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். K முறையே 0.0088, 0.12. இருபது டிகிரி ஏற்றத்தில் K சுமார் 13.6 மடங்காகிவிட்டது. இந்த மாற்றத்தை வெப்பத்தோடு இணைப்பது வான்ட் ஹாஃப் சமன்பாடு:

ln K = −ΔH/(RT) + ΔS/R

T கெல்வினில் இருக்க வேண்டும். கிடை அச்சில் 1/T, நிலை அச்சில் ln K வைத்து வரைந்தால் நேர்கோடு வரும். அதன் சாய்வு −ΔH/R. நம் எண்களில் ln 13.6 = 2.61, 1/T மதிப்புகளின் வேறுபாடு 0.000218. இரண்டையும் வகுத்து, R = 8.314 ஆல் பெருக்கினால் மோலுக்கு ஏறக்குறைய 100 கிலோஜூல்.

இரண்டு புள்ளிகள் வழியே எப்போதும் ஒரு கோடு போட்டுவிடலாம். அதனால் பிழை வெளியே தெரியாது. ஐந்தாறு வெப்பநிலைகளில் அளந்தால் விலகும் புள்ளி கண்ணில் படும். s மும்மடியாவதால் அதில் 2 விழுக்காடு பிழை, K-யில் 6 விழுக்காடாகும். ஆனால் எல்லாப் பிழையும் விடையைக் கெடுப்பதில்லை. அமிலத்தின் செறிவைத் தவறாக எழுதியிருந்தால் எல்லா s மதிப்பும் ஒரே விகிதத்தில் மாறும். கோடு மேலோ கீழோ நகரும், சாய்வு மாறாது. வெப்பநிலைக்கேற்ப மாறும் பிழைதான் ஆபத்து. சூடான கரைசல் குளிர்ந்த பிப்பெட்டுக்குள் படிகமாகித் தங்கிவிட்டால் மேல் வெப்பநிலையில் s குறைந்து, என்தால்பியும் குறைவாகத் தெரியும். பிப்பெட்டை முன்கூட்டியே சூடாக்கி, பின் வெந்நீரால் கழுவிச் சேர்ப்பது அதற்காகத்தான்.

முறைக்கு எல்லையும் உண்டு. இவ்வளவு செறிந்த கரைசலில் அயனிகள் ஒன்றையொன்று பாதிப்பதால், செறிவை மட்டும் வைத்துக் கணக்கிட்ட விடை தோராயமானதே. சுமார் 60 டிகிரிக்கு மேல் பத்து நீர் மூலக்கூறுகள் கொண்ட படிகம் ஐந்து நீர் கொண்டதாக மாறுகிறது. கோடும் அங்கே திரும்பும். அதற்கு அப்பாலுள்ள புள்ளிகளை இதே கோட்டில் சேர்த்தால், கிடைக்கும் சாய்வு எந்தப் படிகத்தின் வெப்பத்தையும் சொல்லாது.