காதால் அறியும் முடிவு நிலை

பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் குறைபார்வை உள்ள மாணவரை அதிகம் திணறவைக்கும் செய்முறை, அமிலத்தையும் காரத்தையும் வினைபுரியவைத்து அளவு காணும் தரம்பார்த்தல். இதில் கண்ணை நம்பிச் செய்யும் வேலைகள் மூன்று. பிப்பெட்டில் 20 மில்லி கரைசலைக் கோடு வரை உறிஞ்ச வேண்டும். பியூரெட்டில் நீர்மட்டத்தின் வளைவைப் பார்த்து 0.1 மில்லி வரை அளவெடுக்க வேண்டும். குடுவையில் இளஞ்சிவப்பு மறையும் துளியைக் கண்டுபிடிக்க வேண்டும். பல பள்ளிகளில் இந்த மூன்றையும் பக்கத்து மாணவர் செய்துவிடுகிறார். குறைபார்வை உள்ளவர் அவர் சொல்லும் எண்ணை நோட்டில் எழுதிக்கொள்கிறார். கணக்கு சரியாக வந்துவிடும். செய்முறை மட்டும் நடந்திருக்காது.

குறைபார்வை வேறு, பார்வையின்மை வேறு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, கண்ணாடி அணிந்த பிறகும் நல்ல கண்ணின் பார்வை 6/18-க்கும் 3/60-க்கும் இடையில் இருந்தால் அது குறைபார்வை. பார்வைப் பரப்பு 40 பாகைக்குக் கீழே குறுகி 10 பாகை வரை இருந்தாலும் அப்படியே. 6/60 என்றால், மற்றவர் 60 மீட்டரில் காண்பதை இவர் 6 மீட்டரில்தான் காண முடியும். இந்த எண்கள் ஆசிரியருக்குப் பாதிதான் உதவும். ஒரே 6/60 உள்ள இருவரில் ஒருவருக்கு வெளிச்சம் கண்ணைக் கூசும், இன்னொருவருக்கு வெளிச்சம் போதாது. ஒருவருக்கு நடுப்பார்வை கலங்கியிருக்கும், இன்னொருவருக்கு ஓரப்பார்வை இருக்காது. ஆகவே ஏற்பாடுகளைத் தொடங்கும் முன் அந்த மாணவரிடமே கேட்டுவிடுவது நல்லது. பிளஸ் டூ படிக்கும் ஒரு மாணவிக்கு 6/60 பார்வையும் வெளிச்சக் கூச்சமும் இருப்பதாக வைத்துக்கொண்டு, இந்தச் செய்முறையை அவருக்காக எப்படி மாற்றியமைக்கலாம் என்று பார்க்கலாம்.

முதலில் இடம். குறைபார்வை என்றதும் முன்வரிசையில் உட்காரவைப்பது வழக்கம். ஆய்வகத்தில் அது பெரும்பாலும் பயன்படுவதில்லை, ஏனென்றால் அங்கே பார்க்க வேண்டிய பொருள் கரும்பலகையில் இல்லை, கைக்கெதிரே இருக்கிறது. வெளிச்சம் கூசும் மாணவிக்கு ஜன்னல் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் கண்ணாடிக் குடுவையின் விளிம்பே ஒளியில் கரைந்துவிடும். மேசையின் வெள்ளை ஓடும் பளபளப்பும் கூச்சத்தைக் கூட்டும் என்பதால், பளபளப்பில்லாத கருநீலத் துணியோ கறுப்பு ரப்பர் விரிப்போ போடலாம். ஆள் நடமாட்டம் குறைந்த ஓர் ஓர மேசை, நின்று குனியாமல் உட்கார்ந்து செய்யும் முக்காலி, ஒவ்வொரு வாரமும் அதே இடம்: இவ்வளவு போதும். எங்கே எது இருக்கிறது என்பது கைக்குப் பழகிவிட்டால் கண்ணின் வேலை பாதியாகக் குறையும்.

பொருள்களை விளிம்பு உயர்ந்த ஒரு தட்டுக்குள் வைப்பது அடுத்த ஏற்பாடு. சிந்தினாலும் உருண்டாலும் தட்டோடு நிற்கும். அமிலப் பாட்டிலின் கழுத்தில் ஒரு ரப்பர் வளையம், காரப் பாட்டிலில் இரண்டு. அமிலம் எப்போதும் இடப்பக்கம், காரம் வலப்பக்கம். பாதுகாப்புக் கண்ணாடி இவருக்கு மற்றவர்களைவிட அவசியம். குறைபார்வை உள்ளவர்கள் பொருளை முகத்துக்கு ஒரு சாண் தூரத்துக்குள் கொண்டுவந்துதான் பார்ப்பார்கள். 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு நீர்த்ததுதான் என்றாலும் கண்ணில் பட்டால் கேடு செய்யும்.

இனி தொடுகை. பிப்பெட்டை வாயால் உறிஞ்சும் பழைய பழக்கம் யாருக்குமே ஆகாது. கோடு தெரியாதவருக்கு அது நேரே ஆபத்து. அதற்குப் பதில் 20 மில்லி பிளாஸ்டிக் சிரிஞ்சைப் பயன்படுத்தலாம். ஆசிரியர் சிரிஞ்சின் தண்டை 20 என்ற கோடு வரை இழுத்து, உருளையின் விளிம்பைத் தண்டு தொடும் இடத்தில் கத்தியால் சின்னப் பள்ளம் ஒன்று வெட்டிவைக்கிறார். மாணவி கட்டைவிரல் நகத்தை உருளை விளிம்பில் வைத்துக்கொண்டு தண்டை இழுப்பார். பள்ளம் நகத்தில் தட்டியதும் நிறுத்துவார். காற்றுக்குமிழி இருந்தால் அளவு குறையும். அதனால் முனையை மேலே பிடித்து விரலால் சுண்டி, காற்றை வெளியேற்றி, மறுபடி இழுக்க வேண்டும். பள்ளம் சரியான இடத்தில் விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை எடைபோட்டுப் பார்த்துவிடலாம்: அந்தச் சிரிஞ்சால் எடுத்த தண்ணீர் 20 கிராமுக்கு மிக அருகில் நிறுக்க வேண்டும்.

பியூரெட்டுக்கு வேறு வழி எடுப்பதே நல்லது. கைப்பேசியின் கேமராவை அதன் எதிரே நிறுத்தி எழுத்தைப் பெரிதாக்கலாம்; பின்னால் கறுப்பு அட்டை வைத்தால் வளைவும் துலங்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் கேமராவை மட்டத்துக்கு ஏற்றி இறக்க வேண்டியிருப்பதால் நேரம் போகும், சாய்ந்தால் அளவும் தவறும். இதைவிட எளிது, கன அளவைக் காண்பதற்குப் பதில் எடையைக் காண்பது. ஆக்சாலிக் அமிலக் கரைசலைத் துளி விழும் மூக்குள்ள பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்பி, 0.01 கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசில் வைக்க வேண்டும். துளிகள் விட்டு முடிந்ததும் மறுபடி நிறுத்தால் குறைந்த எடையே செலவான அமிலம். 0.1 நார்மல் கரைசல் ஏறத்தாழ முழுதும் தண்ணீரே என்பதால் ஒரு கிராமை ஒரு மில்லியாகக் கொள்ளலாம். இதனால் வரும் பிழை பள்ளிச் செய்முறையில் பொருட்படுத்தத் தக்கதல்ல. பெரிய எண்கள் ஒளிரும் தராசு போதும். எடையைச் சொல்லும் பேசும் தராசு கிடைத்தால் இன்னும் நல்லது.

மூன்றாவது வேலைதான் கடினம். பினாப்தலீனின் இளஞ்சிவப்பு வெளுத்து நிறமற்றுப்போவதை 6/60 பார்வைக்குத் துளி சுத்தமாகக் கண்டுபிடிக்க முடியாது. தைமால் நீலம் என்ற நிறங்காட்டி ஏறத்தாழ அதே கார நிலையில் நீலத்திலிருந்து மஞ்சளாகும் என்பதால் சிலருக்கு அது கைகொடுக்கும். வெனிலா எசன்ஸையும் நிறங்காட்டியாக்கலாம்: காரத்தில் அதன் மணப்பொருள் மின்னூட்டம் ஏறி ஆவியாகாமல் போவதால் மணக்காது, அமிலம் சேரச்சேர மணம் திரும்பும். ஆனால் மூக்கு சீக்கிரம் களைத்துவிடும். துல்லியமாக வேண்டுமென்றால் ஒலிக்கு வந்துதான் ஆக வேண்டும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில், பார்வையற்ற வேதியியலாளரான கேரி சுபாலோவும் உடன் பணியாற்றியவர்களும் கரைசலில் முக்கும் ஒளியுணரிக் கோல் ஒன்றை உருவாக்கினார்கள். நிறம் மாறினால் அதன் ஒலி மாறும். அதே கொள்கையில் பள்ளியிலேயே ஒன்றைச் செய்துகொள்ளலாம். எல்.டி.ஆர். எனப்படும் ஒளியுணர் மின்தடை, 555 ஐ.சி., ஒரு மின்தேக்கி, சின்ன ஸ்பீக்கர், 9 வோல்ட் பேட்டரி என்று வேண்டியவை எல்லாம் சென்னை ரிச்சி தெரு மாதிரியான எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைப்பவை. வெளிச்சம் கூடினால் எல்.டி.ஆரின் தடை குறைந்து சுருதி ஏறும், இருண்டால் இறங்கும். உள்ளே கறுப்பு பூசிய அட்டைப்பெட்டியின் ஒரு பக்கச் சுவரில் எல்.இ.டி. விளக்கும் எதிர்ச் சுவரில் எல்.டி.ஆரும் பொருத்தி, நடுவில் கூம்புக் குடுவை அசையாமல் நிற்க ஸ்பாஞ்ச் வளையம் வைக்க வேண்டும். மூடியில் பாட்டில் மூக்கு நுழையும் அளவுக்கு ஒரு துளை.

எல்.இ.டி. பச்சையாக இருக்க வேண்டும் என்பதுதான் இதில் சூட்சுமம். இளஞ்சிவப்புக் கரைசல் பச்சை ஒளியை விழுங்குகிறது, சிவப்பை விட்டுவிடுகிறது. வெள்ளை விளக்கு வைத்தால் சுருதி வேறுபாடு காதுக்குச் சரியாக எட்டாது. சிவப்பு விளக்கில் மாற்றமே தெரியாது. பச்சையில் இளஞ்சிவப்பு இருக்கும் வரை தாழ்ந்த ஒலி, நிறம் போனதும் உயர்ந்த ஒலி என்று தெளிவாகப் பிரியும்.

மாணவி சிரிஞ்சால் 20 மில்லி காரத்தைக் குடுவையில் எடுத்து, இரண்டு துளி பினாப்தலீன் விட்டு, பெட்டியில் வைத்து மூடுகிறார். அமிலப் பாட்டிலை நிறுத்து எடையைக் குறித்துக்கொண்டு, துளை வழியே அமிலம் விட்டுப் பெட்டியைக் கையோடு சுழற்றுகிறார். ஒவ்வொரு முறையும் சுருதி சற்று ஏறி, கரைசல் கலந்ததும் பழையபடி இறங்கும். முடிவு நெருங்க நெருங்க இறங்குவதற்கு நேரம் பிடிக்கும். இது கண்ணால் பார்ப்பவருக்கு நிறம் தயங்கித் தயங்கி மறைவது போன்றதே. இந்தக் கட்டத்தில் துளித்துளியாக விட வேண்டும். ஏறிய சுருதி சுழற்றிய பிறகும் இறங்காமல் நின்றால் அதுவே முடிவு நிலை. முதல் தடவை தோராயமாகச் செய்ததில் 20.3 கிராம் செலவானது. கவனமாகச் செய்த அடுத்த இரண்டு தடவைகளில் 19.78, 19.82. இந்த இரண்டின் சராசரி 19.80. ஆகவே காரத்தின் நார்மாலிட்டி 19.80 × 0.1 ÷ 20, அதாவது 0.099.

இதில் தவறுகள் வரும் இடங்கள் சில உண்டு. மூடியில் ஒளி கசிந்தால் கையின் நிழல் பட்டே சுருதி ஆடும். அமிலம் விடாமல் கையை மட்டும் மேலே ஆட்டிப் பார்த்தால் இது தெரிந்துவிடும். குடுவையின் வெளிப்புறம் ஈரமாயிருந்தாலும் ஒலி தடுமாறும். எளிதில் பிடிபடாத இன்னொரு கோளாறும் இருக்கிறது. 0.1 நார்மல் காரத்தில் பினாப்தலீனின் நிறம் அமிலமே சேராமலும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மெல்ல மெல்ல வெளுக்கும். வேகமாகச் செய்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. தடவித் தடவி நிதானமாகச் செய்பவருக்குச் சுருதி தானாக ஊர்ந்து ஏறுவதாகக் கேட்கும். அது முடிவு நிலையல்ல. இதற்கு மாற்று, தோராய அளவு தெரிந்த பிறகு அடுத்த தடவைகளில் 18 கிராம் அளவுக்கு அமிலத்தை முதலில் விட்டுவிட்டு, அதன் பிறகு நிறங்காட்டியைச் சேர்ப்பது. காரம் பெரும்பாலும் தீர்ந்துவிட்டதால் நிறம் நிலையாக நிற்கும்.

ஒரு துளி கூடுதலாக விழுந்துவிட்டால் இந்தக் கருவி காட்டிக்கொடுக்காது. நிறம் போன கரைசலில் எத்தனை துளி விட்டாலும் சுருதி ஒன்றேதான். அமிலத்தைக் குடுவையிலும் காரத்தைப் பாட்டிலிலும் மாற்றி வைத்தால் மிகை தெரியும், ஏனென்றால் வெளிர் இளஞ்சிவப்பில் கொஞ்சம் இறங்கும் சுருதி, மிகுதியாக விழுந்தால் மேலும் இறங்கிப்போகும். நிறங்காட்டி வெளுக்கும் தொல்லையும் அப்போது இல்லை. பெர்மாங்கனேட் தரம்பார்த்தலுக்கும் இதே பச்சை விளக்குப் பெட்டி பயன்படும். ஆனால் உப்புப் பகுப்பாய்வில் வீழ்படிவின் நிறத்தைப் பிரித்தறிவதற்கு இது உதவாது. அங்கே நிறத்தின் பெயரைச் சொல்லும் வேறு கருவியோ, பார்த்துச் சொல்லும் துணைவரோ தேவை. துணைவர் நிறத்தைச் சொல்லலாம். அது எந்த உப்பு என்ற முடிவை எடுக்க வேண்டியவர் மாணவியே.