நிறங்கள் வரையும் வளைகோடு

கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் பாதரச ஆவி விளக்கை ஏற்றி, நிறமாலைமானியின் தொலைநோக்கியில் கண் வைத்தால், வெள்ளை ஒளிக்குப் பதிலாகத் தனித்தனிக் கோடுகள் தெரியும். மஞ்சள் (578 நானோமீட்டர், நெருங்கிய இரு கோடுகளின் சராசரி), பச்சை (546.1), நீலம் (435.8), ஊதா (404.7) ஆகிய நான்கும் அளவிட வாகானவை. ஒவ்வொன்றையும் முப்பட்டகம் வெவ்வேறு கோணத்தில் திருப்பிவிடுகிறது. அந்தக் கோணத்திலிருந்துதான் கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணைக் கணக்கிடுகிறோம்.

முப்பட்டகம் வைத்த மேடையை மெல்லச் சுழற்றினால், கோடு ஒரு பக்கமாக நகர்ந்து, ஓரிடத்தில் நின்று, வந்த வழியே திரும்பும். அது நிற்கும் இடமே சிறுமத் திசைமாற்றக் கோணம், D. முப்பட்டகக் கோணம் A என்றால்,

n = sin((A+D)/2) / sin(A/2)

A = 60° உள்ள ஃபிளிண்ட் கண்ணாடி முப்பட்டகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பச்சைக் கோட்டுக்கு D ஏறத்தாழ 48°35′. அரைக்கோணம் 54°17.5′, அதன் சைன் 0.8120. அதை 0.5-ஆல் வகுத்தால் n = 1.624. இதே முறையில் மஞ்சளுக்கு 1.6209, நீலத்துக்கு 1.6420, ஊதாவுக்கு 1.6506 கிடைக்கும். அலைநீளம் குறையக் குறைய எண் ஏறுகிறது. இதுவே நிறப்பிரிகை.

இனி வரைபடம். கிடை அச்சில் 1/λ², நிலை அச்சில் n. கோஷியின் எளிய சூத்திரப்படி (n = A + B/λ²; இங்குள்ள A கோணமல்ல, ஒரு மாறிலி) புள்ளிகள் நேர்கோட்டில் அமைய வேண்டும். ஆனால் மஞ்சளையும் ஊதாவையும் இணைத்துக் கோடு போட்டால், நீலப் புள்ளி அதற்கு 0.0006 அளவு கீழே விழுகிறது. கோணக் கணக்கில் இது சுமார் மூன்றரை நிமிடம். வெர்னியர் ஒரு நிமிடம் வரை காட்டும் கருவியில் இதை வாசிப்புப் பிழை என்று ஒதுக்கிவிட முடியாது.

வேறு பிழையாக இருக்குமோ? முப்பட்டகக் கோணம் A தவறியிருந்தால் எல்லாப் புள்ளிகளும் ஏறக்குறைய ஒரே அளவு மேலேயோ கீழேயோ நகருமே தவிர, கோடு இந்த அளவுக்கு வளையாது. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. பச்சைக்குச் சிறுமத்தை அமைத்துவிட்டு, மேடையைத் தொடாமலே ஊதாவையும் படித்தால், ஊதாவின் கோணம் உண்மையான சிறுமத்தைவிட இரண்டு நிமிடத்துக்கு மேல் கூடிவிடும். சிறுமம் தவறினால் கோணம் எப்போதும் கூடவே செய்யும். அதனால் இந்தப் பிழை வளைவை மிகைப்படுத்தும். ஒவ்வொரு நிறத்துக்கும் கோடு திரும்பும் இடத்தைப் புதிதாகத் தேடுவதே இதற்கு மருந்து.

அப்படி அளந்த பிறகும் நிற்கும் வளைவு கண்ணாடியின் இயல்பு. கண்ணாடியிலுள்ள எலெக்ட்ரான்கள் புறஊதா ஒளியை வலுவாக உட்கவர்கின்றன. அலைநீளம் அந்தப் பகுதியை நெருங்க நெருங்க ஒளிவிலகல் எண் இன்னும் வேகமாக ஏறுகிறது. ஆகவே சூத்திரத்தில் C/λ⁴ என்ற மூன்றாம் உறுப்பைச் சேர்க்க வேண்டும். சேர்த்தாலும் அந்தக் கோட்டை 404.7-க்கு அப்பால் நீட்டி எண்களைப் படிப்பது நம்பத்தக்கதல்ல. அங்கே தனியாக அளந்தே ஆக வேண்டும்.